விட்ச் ஹேசல், கத்தாழை, தேங்கா எண்ணெய் எல்லாம் போட்டாச்சு, இப்ப மூலத்தை விட அரிப்பு தான் தாங்கல

தக்காளிலோடு, திங்கள் இரவு 10:40

வணக்கம் மக்களே, பேர் சொல்ல கூச்சமா இருக்கு அதான் இந்த ஐடி. ஊர் பாலக்கோடு பக்கம், வயசு 36, மினி லாரி ஓட்டுறேன், மார்க்கெட்ல தக்காளி ஏத்திட்டு சென்னை பெங்களூர்னு வாரத்துக்கு நாலு டிரிப். ரெண்டு மாசம் முன்னாடி வெளிக்கி போகும்போது சொட்டு சொட்டா ரத்தம், டாக்டர்ட்ட காட்டினேன், விரல் விட்டு பாத்து குழாய் வச்சும் பாத்துட்டு உள்மூலம் ரெண்டாவது ஸ்டேஜ்னாரு, இசப்கோல் பவுடரும் ஒரு வாரத்துக்கு ஆயின்ட்மென்டும் குடுத்தாரு. ரத்தம் நின்னுச்சு. அதோட விட்டிருக்கணும்.

யூடியூப்ல விட்ச் ஹேசல் போட்டா மூலம் சுருங்கிடும்னு பாத்தேன், ஆன்லைன்ல ஒரு பாட்டில் வாங்கினேன், பஞ்சுல நனைச்சு தினம் ரெண்டு வேளை. தீப்பிடிச்ச மாதிரி எரியும், எரிஞ்சா வேலை செய்யுதுன்னு நெனச்சு பல்லை கடிச்சுட்டு நாலு நாள் போட்டேன். அஞ்சாவது நாள் தோல் உரிஞ்சு உக்கார முடியல. அப்புறம் வீட்டு வேலியோரம் இருக்கற கத்தாழைய ஒரு மடல் உடைச்சு அப்படியே தேச்சேன், ஒரு மணி நேரத்துல அரிப்பு. சரி கடை ஜெல் சுத்தமா இருக்கும்னு பச்சை கலர் ஜெல் வாங்கி போட்டேன், ரெண்டு நாள் ஜில்லுனு சூப்பரா இருந்துச்சு, மூணாவது நாள்ல இருந்து அரிப்பு திரும்ப வந்து இப்ப பின்னாடி சதை வரைக்கும் பரவி சின்ன சின்ன நீர்க்கொப்புளம். மூலம் வெளிய வந்துடுச்சா இல்ல இது வேற எதாவதா? இதுல எது ஒத்துக்கல? இப்ப தேங்கா எண்ணெய் மட்டும் போட்டுட்டு இருக்கேன், அது மட்டும் தான் எரியல.

பென்னாகரம்_நாட்டுமருந்து, திங்கள் இரவு 11:05

தம்பி வெளிநாட்டு சரக்கு எதுக்கு நமக்கு? விட்ச் ஹேசல் அமெரிக்காக்காரன் செடி, அவன் ஒடம்புக்கு அது ஒத்துக்கும். நம்ம ஊர்ல துத்தி இலை ரோட்டோரம் எல்லாம் கெடக்கு, விளக்கெண்ணெயில வதக்கி மிதமான சூட்டுல வச்சு கட்டு, எங்க தாத்தா காலத்துல இருந்து அதான் வைத்தியம். கத்தாழை கூட குளிர்ச்சி, அது ஒத்துக்காம போகாது, நீ போட்ட விதம் தப்பு. இயற்கையா வளந்தது ஒடம்பை கெடுக்காது. கூடவே கேவுரு களியும் கீரையும் சாப்பிடு, பரோட்டாவ விடு.

ஓசூர்_பொண்ணு, திங்கள் இரவு 11:20

அண்ணா நான் விட்ச் ஹேசல் ரெண்டு வருஷமா யூஸ் பண்றேன் எனக்கு ஒண்ணுமே ஆகல, பிம்பிள் எல்லாம் போயிடுச்சு, பன்னீர் வாசனை வரும் செம்மயா இருக்கும், குளிச்சுட்டு பஞ்சுல தொட்டு நெத்தி மூக்குல எல்லாம் தடவினா எண்ணெய் பிசுக்கே இருக்காது. உங்களுக்கு சென்சிடிவ் ஸ்கின் போல.

தக்காளிலோடு, திங்கள் இரவு 11:31

அய்யோ தங்கச்சி நான் மூஞ்சிக்கு போடல 😅 மேல இருக்கறத முழுசா படி

ஓசூர்_பொண்ணு, திங்கள் இரவு 11:33

ஸாரி ஸாரி தலைப்புல விட்ச் ஹேசல்ங்கறத மட்டும் பாத்துட்டு டைப் பண்ணிட்டேன் 🙈

காரிமங்கலம்_மருந்துக்கடை, செவ்வாய் காலை 6:50

மருந்துக்கடை வச்சு இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு, இந்த கதை மாசத்துக்கு நாலு பேர் கவுன்டர்ல குனிஞ்சு மெதுவா சொல்லுவாங்க, கூச்சப்பட ஒண்ணுமில்ல.

தம்பி மொதல்ல ஒண்ணு, உள்மூலம் உள்ள இருக்கு, நீ பஞ்சுல தடவினது வெளித்தோல்ல. உள்ள இருக்கற வீங்கின ரத்தக்குழாய் மேல அது போய் சேரவே இல்ல. வெளிய இருந்த நல்ல தோலைத்தான் எரிச்சிருக்க. ரத்தம் நின்னதுக்கு காரணம் இசப்கோலு, மோஷன் இளகி முக்கல் கொறைஞ்சதால.

அந்த பாட்டிலை கொஞ்சம் எடுத்து பின்பக்கம் என்ன எழுதியிருக்குன்னு பாத்து டைப் பண்ணு. ஆல்கஹால் எத்தனை சதவீதம், பர்ஃப்யூம் இருக்கா, டோனர்னு போட்டிருக்கா. பச்சை ஜெல்லோட பின்பக்கத்தையும் பாரு. இன்னொண்ணு, டிரிப் போகும்போது வெளிக்கி போனா எதுல சுத்தம் பண்ற?

தக்காளிலோடு, செவ்வாய் காலை 7:25

அண்ணே வண்டியில தான் இருக்கேன், பாட்டில் கூடவே இருக்கு. விட்ச் ஹேசல்ல டோனர்னு தான் போட்டிருக்கு, ஆல்கஹால் 14%, அப்புறம் ரோஜா ஃப்ராக்ரன்ஸ்னு இருக்கு. ஜெல்லுல அலோவேரான்னு பெரிசா முன்னாடி போட்டுட்டு பின்னாடி பொடி எழுத்துல இருபது பேரு இருக்கு, கலர், பர்ஃப்யூம், மெத்தில்ஐசோதயசோலினோன்னு ஒண்ணு, வாயில நுழையல எழுத்தக்கூட்டி அடிச்சேன்.

சுத்தம் பண்றது வீட்ல தண்ணி தான். ரூட்ல பங்க்ல தண்ணி நல்லா இருக்காது, அதனால வெட் வைப்ஸ் பாக்கெட் வச்சிருக்கேன், குழந்தைங்களுக்கு யூஸ் பண்றது. மூலம் வந்ததுல இருந்து நாலஞ்சு தடவ தொடைக்கிறேன், சுத்தமா இருக்கணும்னு தான். வீட்டுக்கு வந்தா டப்புல வெதுவெதுன்னு தண்ணி வச்சு உக்காருவேன், தண்ணில ஊத்தினா பால் மாதிரி வெள்ளையாவுமே அந்த ஆன்டிசெப்டிக் ரெண்டு மூடி போட்டு.

காரிமங்கலம்_மருந்துக்கடை, செவ்வாய் காலை 8:10

இப்ப புரியுது. நீ தடவினது மூணுன்னு நெனச்சுட்டு இருக்க, உன் தோலு மேல விழுந்தது அஞ்சு. கடை தொறக்க நேரமிருக்கு, ஒவ்வொண்ணா சொல்றேன்.

விட்ச் ஹேசல் வாங்கினியே, அது வட அமெரிக்கா புதர்ச்செடி, பட்டையையும் குச்சியையும் காய்ச்சி வடிச்ச தண்ணி. துவர்ப்பு, நம்ம ஜம்பு நாவப்பட்டை மாதிரி தோலை கொஞ்சம் இறுக்கும். அங்க மூலத்துக்குன்னே 50% விட்ச் ஹேசல்ல நனைச்ச பேட் கிடைக்குது, அதுல வறண்டுபோகாம இருக்க கிளிசரின் சேர்த்திருப்பாங்க. நீ வாங்கினது மூஞ்சிக்கான டோனர், 14% சாராயமும் சென்ட்டும். ஓசூர் தங்கச்சி மூஞ்சியில எண்ணெய் போறது கூட அந்த மாதிரி சாராயத்தால இருக்கலாம். வெடிச்ச தோல்ல சாராயம் பட்டா யாருக்கா இருந்தாலும் எரியும். போட்ட அஞ்சு நிமிஷத்துக்குள்ள எரிஞ்சு, தடவின இடத்துல மட்டும் செவந்து உரிஞ்சா அது அலர்ஜி இல்ல, தோல் பொசுங்கினது. நிறுத்தினா நாலஞ்சு நாள்ல தானா ஆறிடும். எரிஞ்சா வேலை செய்யுதுன்னு எந்த மடையன் யூடியூப்ல சொன்னானோ தெரியல.

ஜெல் கதை வேற. அது மொத ரெண்டு நாள் ஒண்ணும் செய்யல, மூணாவது நாள் அரிப்பு, அப்புறம் தடவாத இடத்துக்கும் பரவி கொப்புளம். இது அலர்ஜி நடக்குற விதம். வாயில நுழையலன்னியே அந்த பேரு, அது கெட்டுப்போகாம இருக்க போடற சாமான், அது பல பேருக்கு ஒத்துக்காதுன்னு ஐரோப்பாவுல தோல்ல தங்குற கிரீம்ல போடவே கூடாதுன்னு சட்டம் போட்டுட்டாங்க. சில வெட் வைப்ஸ்லயும் அதே சாமான் உண்டு. உன் வைப்ஸ் பாக்கெட்டையும் திருப்பி பாரு. ரெண்டு மாசமா வைப்ஸ்ல ஒடம்பு மெதுவா பழகி எதிரியாக்கிட்டு, மேல ஜெல்லும் வந்ததும் பொங்கியிருக்கலாம்.

தக்காளிலோடு, செவ்வாய் காலை 9:02

அண்ணே வைப்ஸ் பாக்கெட்ல எழுத்து கசங்கி தேஞ்சு போச்சு, பர்ஃப்யூம்ங்கறது மட்டும் படிக்க முடியுது. காலியாக போற பாக்கெட்டு.

பென்னாகரம்_நாட்டுமருந்து, செவ்வாய் காலை 9:40

அப்ப கத்தாழை? அத விட்டுட்டீங்களே. வேலியில இருந்து ஒடச்சு போட்டதுக்கு அரிச்சுதுன்னாரே.

காரிமங்கலம்_மருந்துக்கடை, செவ்வாய் மதியம் 2:15

விடல, கஸ்டமர் வந்துட்டாங்க. நீங்க சொன்னதுல பாதி சரி ஐயா, அவரு போட்ட விதம் தப்பு. ஆனா இயற்கையா வளந்தது கெடுக்காதுங்கறத ஒத்துக்க மாட்டேன், சேராங்கொட்டையும் இயற்கை தான், எருக்கம்பாலும் இயற்கை தான்.

கத்தாழை மடலை ஒடிச்சா தோலுக்கும் சோத்துக்கும் நடுவுல இருந்து மஞ்சளா ஒரு பால் வடியும், கசப்பா நாத்தமா இருக்கும். அதைக் காயவச்சா தான் நாட்டு மருந்துக்கடையில கறுப்பா விக்கிற கரியபோளம், சாப்பிட்டா பேதி போகும். அந்த பால் தோல்ல பட்டா அரிக்கும். அதனால தான் பெரியவங்க சோத்தை ஏழு தண்ணி மாத்தி கழுவச் சொல்வாங்க. மடலை அறுத்து வெட்டுவாய் கீழ பாக்க ஒரு டம்ளர்ல கால் மணி நேரம் நிக்க வச்சா மஞ்சள் எல்லாம் வடிஞ்சிடும், அப்புறம் ரெண்டு ஓரத்து முள்ளையும் தோலையும் சீவிட்டு கண்ணாடி மாதிரி இருக்கற சோத்தை மட்டும் எடுத்து கழுவணும். தம்பி ஒடச்ச ஒடனே தேச்சிருக்காரு. அதுவும் உரிஞ்ச தோல் மேல. சுத்தமா கழுவின சோறு ஆறுதல் குடுக்கும், ஆனா அதுவும் கொஞ்சம் பேருக்கு ஒத்துக்காது, வெங்காயம் பூண்டுக்கு கை அரிக்கிறவங்களுக்கு கூட இதுல அரிக்கலாம், லில்லி கூட்டம் எல்லாம் சொந்தக்காரங்க மாதிரி.

துத்தியை பத்தி நான் சண்டைக்கு வரல, எங்க அம்மாவும் வச்சாங்க. வதக்கின இலையோட சூடும் விளக்கெண்ணெயும் இதமா இருக்கும், அந்த இலை மூலத்தை கரைக்குமான்னு கேட்டா நான் கரைஞ்சு பாத்ததில்ல. ஆனா கொப்புளம் இருக்கற தோல்ல கட்டாதீங்க.

பென்னாகரம்_நாட்டுமருந்து, செவ்வாய் மாலை 4:30

எங்க சித்தப்பாவுக்கு கரைஞ்சிருக்கு. நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம். மஞ்சள் பால் விஷயம் சரி, அது எனக்கும் தெரியும், சொல்ல விட்டுப் போச்சு.

அரூர்_செக்குகாரர், செவ்வாய் மாலை 6:10

தேங்கா எண்ணெய் பத்தி நான் பேசறேன், செக்கு வச்சிருக்கேன். வாங்கறவங்களுக்கே வித்தியாசம் தெரியல. தலைக்கு தடவற வாசனை எண்ணெய் பாட்டில் வேற, அதுல பாதிக்கு மேல பாரஃபின் ஆயிலும் சென்ட்டும் இருக்கறது உண்டு, சமையலுக்கு போடற எண்ணெய் வேற. மூலத்துக்கு தடவறவங்க கூலா இருக்கும்னு பச்சை கலர் கூலிங் ஆயில் எல்லாம் எடுத்துட்டு போறாங்க, அதுல கற்பூரமும் புதினா உப்பும் இருக்கும், அத அங்க வச்சா குதிக்க வேண்டியது தான். எங்க பக்கத்து வீட்டு தாத்தா சளிக்கு நெஞ்சுல தடவ காய்ச்சி வச்ச கற்பூர எண்ணெய் கிண்ணத்தை எடுத்து இருட்டுல தடவிட்டாரு, ராத்திரி ரெண்டு மணிக்கு கெணத்தடியில வாளி வாளியா ஊத்திட்டு இருந்தாரு.

கிருஷ்ணகிரி_அம்மு, செவ்வாய் இரவு 9:15

யாரும் தப்பா நெனைக்காதீங்க, எனக்கு குழந்தை பொறந்து பன்னெண்டு நாள், பிரசவத்துல முக்குனதுல மூலம் வெளிய வந்துடுச்சு. அமெரிக்கால இருக்கற அக்கா விட்ச் ஹேசல் பேட் பார்சல் அனுப்பி வச்சிருக்கா, ஃப்ரிட்ஜ்ல வச்சு வைக்க சொல்றா, அங்க ஆஸ்பத்திரியிலயே குடுப்பாங்களாம். இந்த அண்ணா கதைய படிச்சதுக்கு அப்புறம் பயமா இருக்கு. தையல் வேற இருக்கு.

காரிமங்கலம்_மருந்துக்கடை, செவ்வாய் இரவு 10:00

பயப்படாதம்மா, பாக்கெட்ல ஆல்கஹால், ஃப்ராக்ரன்ஸ்னு இல்லன்னா அது வேற ரகம், அந்த நாட்ல பிரசவம் ஆனவங்களுக்கு குடுக்கறது உண்மை தான். ஜில்லுனு வச்சா வீக்கத்துக்கு இதமா இருக்கும், அந்த இதம் ஹேசலால வருதா குளிர்ச்சியால வருதான்னு எனக்கே சந்தேகம் உண்டு. அஞ்சு பத்து நிமிஷம் மேலாக வச்சு எடுத்துடு, உள்ள திணிக்காத, தையல் மேல படாம பாத்துக்கோ, அதுக்கு முன்னாடி பிரசவம் பாத்த டாக்டரையோ நர்ஸையோ ஒரு வார்த்தை கேட்டுடு. எரிஞ்சா வேண்டாம், துணியில சுத்தின ஐஸே போதும். ஆனா திடீர்னு நீலமா திராட்சை மாதிரி கெட்டியா ஒரு கட்டி வந்து வலி உயிர் போச்சுன்னா எதையும் தடவிட்டு காத்திருக்காத, மூணு நாளுக்குள்ள போனா டாக்டர் சின்னதா கீறி எடுத்துடலாம், அதுக்கு மேல போனா பெரும்பாலும் தானா வத்தட்டும்னு விட்டுடுவாங்க.

தம்பி, உனக்கு: கொப்புளம் வந்துடுச்சு, பரவுது, அதனால இது கடைக்கவுன்டர் விஷயம் இல்ல, டாக்டர்ட்ட காட்டு. அதுவரைக்கும் வைப்ஸ், ஜெல், டோனர், ஆன்டிசெப்டிக் நாலையும் நிறுத்து. டப்புல வெறும் வெதுவெதுப்பான தண்ணி, பத்து பதினஞ்சு நிமிஷம், ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவ, அதுல எதையும் ஊத்தாத, உப்பு கூட வேணாம். சோப்பும் வேணாம். துணிய தேய்க்காம ஒத்தி எடுத்து, ஃபேன்ல நல்லா காயவிட்டு அப்புறம் அரிசி மணி அளவு சமையல் தேங்கா எண்ணெய். ஈரத்து மேல எண்ணெய் பூசினா ஈரம் உள்ளயே நிக்கும், ரெக்சின் சீட்ல பத்து மணி நேரம் வேர்த்துட்டு உக்காந்தா அதுவே அரிக்கும். சீட் மேல ஒரு பழைய காட்டன் வேட்டிய விரிச்சுக்கோ.

வட்டமா ஓரம் மட்டும் தடிச்சு செதில் செதிலா இருக்கான்னு கண்ணாடி வச்சு பாரு, அப்படி இருந்தா படர்தாமரை. அதுக்கு எங்ககிட்ட வந்து "எல்லாத்துக்கும் ஒரே டியூப்" கேட்பாங்க, ஸ்டீராய்டு கலந்தது, போட்டதும் அரிப்பு நிக்கும், படர்தாமரை மட்டும் உள்ளுக்குள்ள வளரும். நான் குடுக்கறதில்ல, குடுக்கற கடை இருக்கு.

தேன்கனிக்கோட்டை_மோகன், புதன் காலை 6:30

எங்க ஊர்ல காலைல தேங்கா எண்ணெய் கல்லாட்டம் உறைஞ்சிடும், விரல்ல தோண்டி எடுக்கறேன் நானு, பரவாயில்லையா? ஆப்பிள் சிடர் வினிகர் போட்டா பெட்டர்னு ஒருத்தர் சொன்னாரு.

அரூர்_செக்குகாரர், புதன் காலை 7:00

வினிகரா! ஊறுகாய்க்கு போடறத எங்க போடறீங்க சாமி. எண்ணெயை ஸ்பூன்ல எடுங்க, அந்த விரலை திரும்ப பாட்டில்ல விடாதீங்க, வீட்டுல மத்தவங்க அதையே தலைக்கு வச்சுக்குவாங்க.

தக்காளிலோடு, அடுத்த வாரம் வியாழன் இரவு 9:50

அப்டேட். தோல் டாக்டர்ட்ட போனேன், அவரும் தடவினதால வந்த ஒவ்வாமைன்னு தான் சொன்னாரு, அஞ்சு நாளைக்கு லேசான ஸ்டீராய்டு கிரீம், அதுக்கு மேல போட்டா தோல் மெலிஞ்சிடும்னு எழுதியே குடுத்தாரு. கொப்புளம் வத்திடுச்சு, அரிப்பு ராத்திரி மட்டும் கொஞ்சம் இருக்கு. மூலம் வெளிய வரல, அதே உள்மூலம் தான். சமையல் தேங்கா எண்ணெய் ஒண்ணும் பண்ணல.

எது வினைன்னு தெரிஞ்சுக்கணும்னு டாக்டர் சொல்லி முழங்கைக்கு உள்பக்கம் ஒவ்வொண்ணையும் தனித்தனி எடத்துல பேனாவுல வட்டம் போட்டு காலை மாலை தடவச் சொன்னாரு, ஒரு வாரம். இன்னைக்கு ஆறாவது நாள். பச்சை ஜெல் வட்டத்துல நாலாவது நாள்ல இருந்தே செவந்து பொடிப்பொடியா இருக்கு, அத நிறுத்திட்டேன். கழுவின கத்தாழை சோறு வட்டம் அப்படியே இருக்கு, தேங்கா எண்ணெயும் அப்படியே. விட்ச் ஹேசல் டோனர் வட்டமும் ஒண்ணும் ஆகல, அதான் கொழப்பம், அங்க அவ்ளோ எரிஞ்சுதே?

காரிமங்கலம்_மருந்துக்கடை, வியாழன் இரவு 10:30

கொழப்பமே இல்ல. கைத்தோல் தடிப்பு, உடைப்பும் இல்ல, சாராயம் அங்க ஆவியா போயிடும். கையில தடவிப் பாக்கறது அலர்ஜியை கண்டுபிடிக்கும், எரிச்சலை கண்டுபிடிக்காது. அதனால டோனர் கையில ஒண்ணும் செய்யலங்கறத வச்சு மறுபடி கீழ போட்டுடாத. ஜெல்லு தான் மாட்டிக்கிச்சு, ஆனா அதுல இருக்கற பர்ஃப்யூமா அந்த வாயில நுழையாத பேரான்னு தெரியணும்னா முதுகுல பேட்ச் ஒட்டிப் பாக்கற டெஸ்ட் பெரிய ஆஸ்பத்திரி தோல் பிரிவுல கேட்டுப் பாரு. வைப்ஸ் பாக்கெட்டை டெஸ்ட் பண்ணியா?

தக்காளிலோடு, வியாழன் இரவு 10:41

அத அன்னைக்கே தூக்கி எறிஞ்சிட்டேன் அண்ணே, அதுல இருந்துச்சான்னு இனி தெரியாது. இப்ப வண்டியில அஞ்சு லிட்டர் தண்ணி கேனும் ஒரு சொம்பும் வச்சிருக்கேன், கிளீனர் பையன் சிரிக்கிறான்.

பென்னாகரம்_நாட்டுமருந்து, வியாழன் இரவு 11:02

கழுவின கத்தாழை ஒண்ணும் பண்ணலன்னு சொன்னியே, அத மட்டும் எல்லாரும் கவனிங்க.

கிருஷ்ணகிரி_அம்மு, வெள்ளி காலை 5:20

டாக்டர் சரின்னதால பேட் ஜில்லுனு வச்சேன், எரியல, வீக்கம் கொறைஞ்ச மாதிரி இருக்கு, பேட்டாலயா நாளானதாலயான்னு தெரியல. அக்கா நான் சொன்னேன்ல ன்னு காலர் தூக்கி விட்டுட்டு இருக்கா. ஒரு டவுட், எங்க மாமியாருக்கு வயசு 58, அவங்களுக்கும் மூலம்னு வருஷக்கணக்கா விளக்கெண்ணெய் தான் போடறாங்க, எரியறதில்ல, ஆனா ரெண்டு மாசமா ரத்தம் கருப்பா மலத்தோட கலந்து வருதாம், வெயிட்டும் கொறைஞ்சிருக்கு. இதுக்கும் எதாவது தடவலாமா?

காரிமங்கலம்_மருந்துக்கடை, வெள்ளி காலை 5:48

தடவாதம்மா. மூல ரத்தம் பளிச்சுனு செவப்பா மலத்து மேல சொட்டும், கலந்து கருப்பா வராது. இந்த வாரமே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போ, மூலம்னு டாக்டர் கண்ணால பாத்து சொன்னதா இல்ல அவங்களா சொல்லிக்கிட்டதான்னு மொதல்ல கேளு.

கிருஷ்ணகிரி_அம்மு, வெள்ளி காலை 6:15

கேட்டேன். யாரும் பாத்ததே இல்லையாம், பக்கத்து வீட்டு அக்கா சொன்னதாம். திங்கக்கெழம கூட்டிட்டு போறேன்.